"கட்டணம் இல்லை" என்று போட்டும் நம் பெயரில் பணம் வாங்கினால்? ஒரு சின்னத் தொழிற்சாலையின் ஆள் தேவை விளம்பரம்

கேள்வி: எங்களுடையது இருபத்தைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி. போன தடவை ஆள் தேவை என்று போட்ட படத்தை யாரோ எடுத்து, போன் நம்பரை மட்டும் மாற்றி, எங்கள் பெயரில் பணம் வாங்கியிருக்கிறார்கள். "எந்தக் கட்டணமும் இல்லை" என்று கீழே தெளிவாகப் போட்டிருந்தோம். அப்படியும் நடந்துவிட்டது. இந்தத் தடவை எப்படி எழுதுவது?

பதில்:

அந்த வரியை மட்டும் அவன் அழிக்காமல் விட்டிருப்பானே, கவனித்தீர்களா? பெரும்பாலும் அப்படித்தான். நம்பரை மாற்றுகிறவன் "கட்டணம் இல்லை" என்பதில் கை வைக்க மாட்டான், ஏனென்றால் அது அவனுக்குத்தான் ரொம்ப உதவுகிறது. படிக்கிறவர் "பணம் கேட்க மாட்டோம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், அப்போது உண்மையான கம்பெனிதான்" என்று நம்பி அழைப்பார். அவனும் கட்டணம் கேட்க மாட்டான். யூனிஃபார்முக்கு டெபாசிட் கேட்பான், அதுவும் முதல் சம்பளத்தோடு திரும்ப வந்துவிடும் என்பான். விளம்பரத்தில் போட்டிருப்பதற்கும் அவன் கேட்பதற்கும் முரண்பாடே தெரியாது.

சின்னத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இது எனக்கும் நடந்திருக்கிறது. தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் முப்பது பேர் கொண்ட ஒரு பட்டறை. பிரஸ் ஆபரேட்டர் நான்கு பேர் தேவை என்று ஒரு படம் போட்டோம். மேலே கம்பெனி பெயர், நடுவில் வேலை விவரம், கீழே போன் நம்பர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் "கட்டணம் ஏதும் இல்லை". பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், வாசலில் ஆறு பேர் பையோடு நிற்கிறார்கள். ஆறு பேர் கையிலும் ஆஃபர் லெட்டர். எங்கள் லெட்டர்பேட் மாதிரியே இருந்தது, சீலும் இருந்தது. ஒரு பையன் சேஃப்டி ஷூ அளவைக்கூட ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கிறான். "எட்டாம் நம்பர் ஷூ எடுத்து வைத்திருப்பீர்களே" என்று வாட்ச்மேனிடம் கேட்டபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

அன்று மதியம் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டேன். பணம் போன விதத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பணம் அனுப்புவதற்கு முன்னால் சரிபார்த்திருக்கிறார்கள். எங்கள் வாசல் பலகையில் இருக்கும் நம்பரைத் தேடிப் பிடித்து, நேராக எங்களுக்கே போன் செய்திருக்கிறார்கள். எடுத்தவர் வாட்ச்மேன். "அங்கே ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாம், எடுக்கிறாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதானே! அந்த உண்மைதான் கடைசி சந்தேகத்தையும் துடைத்து, இரண்டு பேரையும் பணம் அனுப்ப வைத்தது.

அதனால் விளம்பரத்தை எப்படி எழுதுவது என்பது இதில் பாதிதான். படிக்கிறவர் உங்களிடம் சரிபார்க்க வருவார், வரும்போது அவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்பது மீதிப் பாதி. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் வாசகம். "கட்டணம்" என்ற சொல் ஏன் போதவில்லை? வேலை தேடி வருகிறவரிடம் யாரும் கட்டணம் என்ற பெயரில் கேட்பதில்லை, அதனால்தான். அந்த ஆறு பேரிடமும் கேட்ட வரிசையைக் கேளுங்கள்: முதலில் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய ஒரு சின்னத் தொகை, தயங்காமல் கொடுக்கிற அளவு. அடுத்த நாள் போனிலேயே இன்டர்வியூ, ஐந்து நிமிடம், தேர்வாகிவிட்டீர்கள். பிறகு யூனிஃபார்முக்கும் ஷூவுக்கும் டெபாசிட். பிறகு மெடிக்கல் டெஸ்ட். கடைசியாக, சம்பளக் கணக்கு சரியாக இயங்குகிறதா என்று பார்க்க ஒரு தொகை அனுப்ப வேண்டும், அது உடனே திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் முந்தைய பணத்தை விட்டுவிட மனம் வராது, அதனால் அடுத்ததையும் கட்டுகிறார்கள். "திருப்பித் தரப்படும்" என்ற சொல்தான் இதில் ஆணிவேர். திரும்ப வரும் பணத்தை யாரும் கட்டணம் என்று நினைப்பதில்லை.

ஆகவே விளம்பரத்தில் பெயர் பெயராகச் சொல்லிவிட வேண்டும்: பதிவு, யூனிஃபார்ம், ஷூ, அடையாள அட்டை, மெடிக்கல், பயிற்சி, டெபாசிட், கணக்குச் சரிபார்ப்பு. "திருப்பித் தருவோம் என்று சொல்லிக்கூட வாங்க மாட்டோம்" என்பதையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். பதினைந்து சொற்கள் கூடுதலாகும், அவ்வளவுதான். எல்லாப் பெயரையும் யாராலும் அடக்க முடியாது, நாளைக்கே புதுப் பெயர் ஒன்று வரும். ஆனால் எட்டுப் பெயரைப் படித்தவர் ஒன்பதாவதைக் கேட்டாலும் சட்டென்று நிற்பார்.

இதைவிட வலுவான வரி ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் எழுதுவதில்லை: "எங்கள் வாசலுக்கு வந்து, மெஷினைப் பார்த்து, சூப்பர்வைசரோடு பேசாமல் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை." தொழிற்சாலை வேலைக்கு இது இயல்பான வழக்கமும்கூட. மோல்டிங் மெஷின் முன்னால் ஒருவரைப் பத்து நிமிடம் நிற்க வைக்காமல் நீங்கள் எடுப்பீர்களா? மாட்டீர்கள். போலி ஆளுக்கோ முழு வேலையும் போனிலேயே முடிந்தாக வேண்டும். வாசலுக்கு வா என்று அவனால் சொல்ல முடியாது, சொன்னால் அங்கே நீங்கள் இருப்பீர்கள். பணம் கேட்க மாட்டோம் என்ற வாக்கை அவன் வேறு பெயர் சொல்லிச் சுற்றிப் போய்விடுவான். இதைச் சுற்றிப் போவது அவனுக்கு ரொம்பக் கஷ்டம்.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். வேலை கிடைக்குமா என்று தெரியாமல் பயணச் செலவு செய்து வர வேண்டும். அதற்கு முதலில் உங்கள் நம்பரிலிருந்து நீங்களே போன் செய்து அனுபவம், வயது, ஷிப்ட் ஒத்துவருமா என்பதைப் பேசிவிடுங்கள், தோதாக இருப்பவரை மட்டும் வரச் சொல்லுங்கள். ஆனால் "எடுத்துக்கொண்டோம்" என்ற சொல் வாசலுக்கு உள்ளே வந்த பிறகுதான் வர வேண்டும், ஆஃபர் லெட்டரும் கையில்தான் கொடுக்க வேண்டும். போனில் அனுப்பும் ஆஃபர் லெட்டர் உங்களுடையது இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், அந்தப் போலி லெட்டர்பேடு முழுக்க வீணாகிவிடும்.

மூன்றாவதாக ஒரு வரி, இதை நான் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். வந்த ஆறு பேரில் ஒருவர் முதலில் பணம் கொடுத்ததையே மறைத்தார். ஏன் என்று பிறகு சொன்னார்: கொடுத்தது தெரிந்தால் குறுக்கு வழியில் வேலை வாங்கப் பார்த்தேன் என்று நினைத்து உள்ளேயே விட மாட்டீர்களோ என்று பயமாம். யோசித்தால் நியாயம்தான். முன்பு வேலை பார்த்த இடங்களிலெல்லாம் இடைத்தரகருக்குக் கொடுத்தே பழகியவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கொடுத்தால்தான் வேலை உறுதி என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை "பணம் வேண்டாம்" என்பது ஒரு சம்பிரதாயப் பேச்சு. ஆகவே இரண்டையும் எழுத வேண்டும்: பணம் கொடுத்ததால் யாருக்கும் இங்கே வேலை கிடைக்காது, எங்கள் பெயரில் யாரிடமாவது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அதற்காக உங்கள் விண்ணப்பத்தை ஒதுக்க மாட்டோம். இந்த இரண்டாவது பாதியைப் போட்ட பிறகுதான் எங்களுக்குப் போலியைப் பற்றிய தகவல் சீக்கிரம் வர ஆரம்பித்தது. அடுத்த தடவை போலி ஒன்று கிளம்பியபோது, ஒரு பெண் முதல் தொகை கேட்ட அன்றே போன் செய்துவிட்டார்.

இனி, எழுதியதைப் படத்தில் எப்படி வைப்பது. படம் ஃபார்வர்டு ஆகும்போது அதோடு நீங்கள் எழுதிய வாசகம் பல சமயம் கழன்றுவிடும், படம் மட்டும்தான் ஊர் சுற்றும். ஆகவே எச்சரிக்கை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கீழே வைத்தால் வெட்டுவது சுலபம், அடியில் இரண்டு விரல் அளவுக்கு வெட்டிவிட்டுப் புது நம்பரை ஒட்டுவார்கள். நம்பரைப் படத்தின் நடுவில், சம்பள விவரத்துக்கும் ஷிப்ட் நேரத்துக்கும் இடையில் ஒரு வாக்கியமாகவே எழுதுங்கள்: "இந்த வேலை பற்றி இந்த ஒரே நம்பரிலிருந்துதான் பேசுவோம்" என்று. அதை மாற்றவே முடியாதா என்றால் முடியும், படத்தை முழுசாகப் புதிதாகச் செய்கிறவனை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அரை நிமிடத்தில் வெட்டி ஒட்டுகிறவன் உங்களை விட்டுவிட்டு வேறு ஒரு விளம்பரத்தைத் தேடிப் போவான். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், நாலு கை மாறியதும் படம் மங்கி, சின்ன எழுத்து வெறும் கறையாகத்தான் தெரியும். சிவப்பு எழுத்திலும் ஆச்சரியக்குறியிலும் பத்து வரி எச்சரிக்கை வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள்.

உங்கள் கம்பெனிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அடைப்புக்குள் இருப்பதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

---

ஆள் தேவை – எண் 7. போட்ட தேதி (தேதி). கடைசி நாள் (தேதி). அதற்குப் பிறகு இந்தப் படம் செல்லாது.

(வாசல் பலகையில் உள்ளபடி கம்பெனி பெயர், முகவரி)

மோல்டிங் மெஷின் ஆபரேட்டர் 3 பேர், பேக்கிங் 2 பேர். ஆபரேட்டருக்கு ஒரு வருட அனுபவம் வேண்டும், பேக்கிங்குக்கு அனுபவம் தேவையில்லை. ஒரு ஷிப்ட் 8 மணி நேரம், வாரம் மாறி மாறி இரவு ஷிப்ட் உண்டு. நின்றுகொண்டு செய்யும் வேலை, மெஷின் பக்கம் சூடாக இருக்கும். சம்பளம் (தொகை), பிடித்தம் போகக் கைக்கு வருவது (தொகை). பயிற்சி நாட்களுக்கும் சம்பளம் உண்டு.

இந்த வேலை பற்றி (நம்பர்) என்ற ஒரே நம்பரிலிருந்துதான் பேசுவோம். எங்களுக்கு ஏஜெண்ட் யாரும் இல்லை.

எடுக்கும் முறை: நீங்கள் போன் செய்யுங்கள். வரச் சொன்னால் வாசலுக்கு வாருங்கள். மெஷினைக் காட்டுவோம், சூப்பர்வைசர் பேசுவார். எடுத்தால் ஆஃபர் லெட்டரைக் கையில் தருவோம். நேரில் வராமல் யாரையும் எடுப்பதில்லை, போனில் ஆஃபர் லெட்டர் அனுப்புவதில்லை.

பதிவு, யூனிஃபார்ம், ஷூ, அடையாள அட்டை, மெடிக்கல், பயிற்சி, டெபாசிட், கணக்குச் சரிபார்ப்பு என்று எந்தப் பெயரிலும், எப்போதும், யாரும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. திருப்பித் தருவோம் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். இந்தச் செலவெல்லாம் எங்களுடையது. பணம் கொடுத்து இங்கே வேலை கிடைக்காது. ஏற்கெனவே எங்கள் பெயரில் கொடுத்துவிட்டிருந்தால் சொல்லுங்கள், அதனால் உங்கள் விண்ணப்பத்துக்குப் பாதிப்பு இல்லை.

சரிபார்க்க: இந்தப் படத்தில் உள்ள நம்பரை நம்பாமல், எங்கள் வாசல் பலகையில் உள்ள நம்பருக்கு மதியம் 3 முதல் 5 வரை அழைத்து, "ஆள் தேவை எண் 7 உண்டா, என்னிடம் பேசியவர் உங்கள் ஆளா" என்று கேளுங்கள்.

---

சிலவற்றை ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு செய்யும் வேலை, சூடு, இரவு ஷிப்ட் என்று கஷ்டத்தையும் சொல்லியிருப்பதைப் பார்த்தால் ஆள் வராதோ என்று முதலாளிக்குத் தோன்றும். வருகிறவர் நிலைப்பார் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போலி விளம்பரம் எப்போதும் இனிப்பாகவே இருக்கும்: லேசான வேலை, பெரிய சம்பளம், அனுபவம் வேண்டாம், தங்குமிடம் இலவசம். உண்மையான வேலையின் முரட்டு விவரங்கள் இருந்தால், படித்தவர் போனில் எதிராளியிடம் "எந்த மெஷின், எத்தனை டன்?" என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். உங்கள் ஊழியருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும், போலி ஆள் "அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்வார்கள்" என்பான்.

படத்தில் உள்ள நம்பரை நம்பாதே என்று அதே படத்திலேயே எழுதுவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் சரிபார்க்கும் வழி படத்துக்கு வெளியே இருந்தால்தான் அது சரிபார்ப்பு. படத்திலேயே இருக்கும் நம்பரைப் போலி ஆள் மாற்றிவிட்டால், சரிபார்க்கும் போனும் அவனிடமேதான் போகும். வாசல் பலகை, நீங்கள் கொடுக்கும் பில், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவர், இவையெல்லாம் அவன் கை எட்டாத இடங்கள்.

சரி, இப்போது அந்த வாட்ச்மேன் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் பணத்தில் ஒரு பைசா செலவில்லாமல் சரி செய்யக்கூடியது இதுதான். பலகை நம்பரை யார் எடுத்தாலும் "ஆமாம், ஆள் எடுக்கிறோம்" என்று நிறுத்தக் கூடாது. எங்கள் போன் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினோம்: "ஆள் எடுக்கிறோம். உங்களிடம் யார் பேசினார்கள்? எந்த நம்பர்? பணம் கேட்டார்களா?" என்று. அந்த மூன்று கேள்வியைக் கேட்காமல் போனை வைக்கக் கூடாது என்பது விதி. பக்கத்தில் ஒரு நோட்டு, பேசிய தேதி, அவர் சொன்ன நம்பர், என்ன பெயரில் பணம் கேட்டான் என்று எழுதி வைக்க. அடுத்த ஆள் எடுப்பின்போது அந்த நோட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே நம்பரைச் சொல்லியிருந்தார்கள், மூன்று பேருமே பணம் அனுப்புவதற்கு முன்னால் அழைத்தவர்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எண் கொடுப்பதும் இதற்காகத்தான். "ஆள் எடுக்கிறீர்களா" என்ற பொதுவான கேள்விக்கு ஆமாம் என்ற பதில் சுலபமாக வந்துவிடும். "எண் 7 உண்டா" என்று கேட்டால் எடுத்தவர் நோட்டைப் புரட்டியாக வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. நீங்கள் எழுதும் அந்த வரி முதலில் உங்கள் வாசலுக்கு உள்ளே உண்மையாக இருக்க வேண்டும். யூனிஃபார்ம் பணத்தை முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்கிறீர்களா? மெடிக்கல் டெஸ்டை அவர்களையே எடுத்துவரச் சொல்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கட்டணம் வாங்குகிறீர்கள், முன்வாசலுக்குப் பதில் பின்வாசலில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் ஏற்ற 181-ஆம் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ கட்டணமோ செலவோ வாங்கக் கூடாது என்கிறது (சில வகையினருக்கு அரசு விலக்கு அளிக்க அதிலேயே இடம் உண்டு, எல்லா நாடும் அதை ஏற்றுக்கொண்டதும் இல்லை). அதே அமைப்பு 2019-இல் வெளியிட்ட விளக்கம் இன்னும் பயனுள்ளது. ஆள் எடுப்பதோடு சேர்ந்த செலவு எவையெவை என்று அதில் பட்டியலே இருக்கிறது: மருத்துவப் பரிசோதனை, திறன் சோதனை, பயிற்சி, கருவியும் உடையும், பயணம், நிர்வாகச் செலவு என்று. உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி இருந்தாலும், அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு "இதில் எதையாவது நாம் தொழிலாளி தலையில் கட்டுகிறோமா" என்று ஒரு தடவை பாருங்கள். தங்குமிடத்துக்கோ சாப்பாட்டுக்கோ பிடித்தம் இருந்தால் விளம்பரத்திலேயே தொகையோடு சொல்லிவிடுங்கள். அதனால்தான் மேலே கைக்கு வரும் சம்பளத்தைத் தனியாகப் போட்டேன்.

இன்னொன்று, பணம் கேட்கிறவன் எப்போதும் வெளியாளாக இருப்பதில்லை. ஆள் கொண்டுவரும் காண்ட்ராக்டரோ, லைன் சூப்பர்வைசரோ, "நான் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்" என்று தலைக்கு இவ்வளவு என வாங்குவதும் உண்டு, முதலாளிக்குத் தெரியவே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஒருவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, அவருடைய சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், "வேலைக்கு வர யாருக்காவது ஏதாவது கொடுத்தீர்களா?" என்று முதலாளியே கேட்க வேண்டும். சேரும் அன்றே கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், பயம். ஒரு மாதத்தில் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். ஒரு பட்டறையில் இப்படிக் கேட்டபோது ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே ஆளின் பெயரைச் சொன்னார்கள். கொடுத்ததை வாங்கித் திருப்பிக் கொடுத்தோம், அந்த ஆள் போய்விட்டார், கொடுத்தவர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். நீங்களே வேலையாட்களிடம் "தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள்" என்று சொல்லி அதற்கு ஊக்கத்தொகை கொடுப்பதாக இருந்தால் அதையும் விளம்பரத்தில் சொல்லுங்கள், கூட்டி வருகிறவருக்கு நாங்களே கொடுக்கிறோம், நீங்கள் கொடுக்க வேண்டாம் என்று.

பணம் மட்டும் போவதில்லை, காகிதமும் போகும். அந்த ஆறு பேரும் அடையாள அட்டையின் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார்கள். அவற்றை வைத்து அவர்கள் பெயரிலேயே சிம் வாங்கவும் கணக்கு திறக்கவும் கடன் கேட்கவும் பார்ப்பார்கள். உண்மையில் விண்ணப்பிக்கும் கட்டத்தில் உங்களுக்குப் பெயர், வயது, அனுபவம், போன் நம்பர் தவிர எதுவும் தேவையில்லை. நகல்களை நேரில் வந்து தேர்வான பிறகு வாங்கினால் போதும், மூலச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படத்தில் இடம் இருந்தால் "போனில் எந்த ஆவணமும் ஓடிபியும் கேட்க மாட்டோம்" என்று ஒரு வரி சேருங்கள், இடம் இல்லையென்றால் நீங்கள் போனில் பேசும்போது சொல்லிவிடுங்கள்.

இத்தனை செய்தும் போலி வரலாம். வந்தால் பழைய விளம்பரத்தை அவசரப்பட்டு நீக்காதீர்கள், எது உண்மையானது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். எந்தெந்தக் குழுக்களில் உங்கள் படம் போனதோ அதே குழுக்களில், போலிப் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போலியின் குறுக்கே பெரிதாகப் "போலி" என்று எழுதிப் போடுங்கள். போலி நம்பரை மட்டும் சொல்லி எச்சரிப்பது பத்தாது, நாளைக்கே நம்பர் மாறும். "முதலில் பதிவுப் பணம், அடுத்து ஷூ டெபாசிட்" என்று கேட்கும் வரிசையைச் சொல்லுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது. பணம் கொடுத்தவர் வந்தால், பேசிய நம்பர், பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண், லெட்டர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வைத்து, அவருடைய வங்கிக்கு அந்த நிமிடமே போன் செய்ய வையுங்கள். அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கு முன்னால் தடுக்க முடிந்தால்தான் ஏதாவது மிஞ்சும், மணிக்கணக்கில் தாமதமானால் பெரும்பாலும் கிடைக்காது. பிறகு போலீஸ் புகார். அவர் கொடுப்பது தனி, உங்கள் பெயரையும் லெட்டர்பேடையும் பயன்படுத்தியதற்காக நீங்கள் கொடுப்பது தனி. "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவர் கையில் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் முழு ஆதாரமும்.

எங்கள் வாசலுக்கு வந்த ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும், அதுவும் கடைசியாக அனுப்பிய தொகை மட்டும், வங்கி நிறுத்தி வைத்ததால் திரும்ப வந்தது. முந்தின நாள் இரவுதான் அனுப்பியிருந்தார். மற்றவர்களுடையது போனது போனதுதான். எங்களுக்கு நான்கு பேர் தேவை இருந்தது, அதனால் ஆறு பேரையும் மெஷின் முன்னால் நிறுத்திப் பார்த்தோம். இரண்டு பேருக்கு வேலை தெரிந்திருந்தது, எடுத்துக்கொண்டோம். அந்த எட்டாம் நம்பர் ஷூ பையன் அதில் ஒருவன்.

கடைசியாக ஒன்று, எல்லோரும் மறப்பது. இடம் நிரம்பிய அன்றே "எண் 7 நிரம்பிவிட்டது, இனி இந்தப் பெயரில் யார் அழைத்தாலும் போலி" என்று இன்னொரு படம் போட்டுவிடுங்கள், முதல் படம் போன எல்லா இடத்திலும். போலி ஆட்களுக்கு மிகவும் பிடித்தது இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய விளம்பரம்தான், ஏனென்றால் போட்டவரே அதை மறந்திருப்பார். எங்கள் வாசலுக்கு ஒருமுறை ஒருவர் இரண்டு வருடம் பழைய படத்தைக் காட்டிக்கொண்டு வந்தார், நம்பர் மட்டும் புதுசு. படத்தில் தேதியே இல்லை, அப்போது நாங்கள் தேதி போடும் பழக்கம் இல்லை.